வெளிநாட்டு ஃபண்டின் வருமானத்தில் பங்குச் சந்தையால் வந்தது எவ்வளவு, டாலரால் வந்தது எவ்வளவு?

கேள்வி: 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 19.4% இறங்கியது, ரூபாய்க்கு எதிராக டாலர் 11.4% ஏறியது. அப்படியானால் இந்திய முதலீட்டாளருக்கு 8% தானே நட்டம்? கணக்குப் போட்டால் 10% வருகிறதே, ஏன்?

பதில்: இரண்டு சதவீதங்களையும் கூட்டியதால் வந்த வேறுபாடு இது, அவற்றைப் பெருக்க வேண்டும். 2021 இறுதியில் டாலர் சுமார் 74.30 ரூபாய். அன்று ஒரு லட்சம் ரூபாய் போட்டவரிடம் ஏறத்தாழ 1,346 டாலர் இருந்திருக்கும். ஓராண்டில் குறியீடு 4,766-இலிருந்து 3,839.50-க்கு இறங்கியதால் அது 1,084 டாலராகச் சுருங்கியது. 2022 இறுதியில் டாலர் சுமார் 82.79 ரூபாய் என்பதால், கையில் இருந்தது ஏறத்தாழ 89,760 ரூபாய்.

இப்போது பிரித்துப் பார்க்கலாம். கரைந்துபோன 262 டாலரைப் பழைய விலையில் மதிப்பிட்டால் சந்தையால் வந்த நட்டம் சுமார் 19,440 ரூபாய். டாலர் ஏற்றத்தின் பலன் மிஞ்சிய 1,084 டாலருக்கு மட்டுமே கிடைத்தது. ஒரு டாலருக்கு 8.49 ரூபாய் வீதம் அது சுமார் 9,200 ரூபாய். நீங்கள் 11.4 சதவீதத்தை முழு லட்சத்துக்கும் சேர்த்துவிட்டீர்கள். கரைந்த டாலருக்கு ஏற்றம் ஏது? விடுபட்ட 2.2% அதுதான். அந்தத் துண்டைச் சந்தையின் கணக்கில் எழுதுவதும் டாலரின் கணக்கில் எழுதுவதும் மரபைப் பொறுத்தது. நான் டாலரின் கணக்கிலேயே வைப்பேன், ஏனெனில் அப்போதுதான் சந்தை நட்டம் குறியீட்டின் 19.4 சதவீதத்தோடு ஒத்துப்போகும்.

இது ஈவுத்தொகை சேராத கணக்கு. அதைச் சேர்த்தால் குறியீட்டின் இறக்கம் 18.1%, ரூபாயில் நட்டம் 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஃபண்டின் என்.ஏ.வி.யை ஈவுத்தொகை சேர்ந்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். இல்லையேல் ஈவுத்தொகை டாலர் லாபம்போலத் தோற்றம் தரும்.

மாதத் தவணையாகப் போடும் எஸ்.ஐ.பி. என்றால் டாலரின் தொடக்க விலை ஒன்றல்ல. ஒவ்வொரு தவணையையும் அந்தந்த நாளின் விலையிலும், இன்றைய மதிப்பை இன்றைய விலையிலும் டாலராக்கி, ரூபாய்க்கும் டாலருக்கும் தனித்தனியே XIRR, அதாவது தவணைத் தேதிகளைக் கணக்கில் கொண்ட ஆண்டு வருமான வீதம், காணுங்கள். பிறகு:

```
(1 + ரூபாய் XIRR) / (1 + டாலர் XIRR) - 1
```

கிடைப்பது டாலரின் ஆண்டு சராசரிப் பங்களிப்பு; எந்த இரு தேதிகளுக்கு இடையிலான டாலர் ஏற்றத்தோடும் அது அப்படியே பொருந்தாது.

உலகப் பங்கு ஃபண்டுகளில் மட்டும் இந்த முறையை நம்ப வேண்டாம். ஜப்பானியப் பங்கின் விலை டாலரில் சொல்லப்பட்டாலும் அதன் பின்னால் இருப்பது யென். யென் சரிந்தால் அந்த இழப்பு டாலர் வருமானத்துக்குள் புகுந்து, பங்கே விழுந்ததுபோலக் காட்டும். அங்கே நாடுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் சொந்த நாணயத்தில் கணக்கிட வேண்டும்.