மெயின் ரோட்டுப் பக்கம் பெட்ரூம்: சத்தம் வருவது சுவர் வழியாக அல்ல

கேள்வி: "இரண்டாவது மாடி ஃபிளாட். பெட்ரூம் மெயின் ரோட்டைப் பார்த்தது. ராத்திரி பஸ், லாரி, ஹாரன் சத்தத்துல தூக்கமே இல்ல. சுவர்ல ஃபோம் ஒட்டினா குறையுமா, இல்ல டபுள் கிளாஸ் ஜன்னல் போடணுமா?"

ஃபோம் வேண்டாம். ஃபோம், முட்டை அட்டை, கனமான திரை எல்லாம் அறைக்குள் வந்துவிட்ட சத்தம் எதிரொலிப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தை உள்ளே வரவிடாமல் தடுக்க இரண்டு விஷயம் வேண்டும்: எடை, காற்றுப் புகாத மூடல். ஃபோமில் இரண்டும் இல்லை. உங்கள் செங்கல் சுவரிலோ எடை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வருகிறவர்களிடம் முதலில் ஒரு கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். உங்கள் அறையின் ரோட்டுப் பக்கச் சுவர் 11 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 110 சதுர அடியில் 5-க்கு 4 ஜன்னல் 20 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. பூசிய செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்கும். சாதாரண அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் மூடியிருந்தாலும் 20-ஐத் தாண்டினால் பெரிது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்தக் கணக்கில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழுச் சுவரும் 27 டெசிபல்தான் தடுக்கிறது. உள்ளே வரும் சத்தத்தில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் ஜன்னல் வழியாக வருகிறது. சுவரை இரண்டு மடங்கு தடிமனாக்கினாலும் அந்த 27 அசையாது.

ஜன்னலை மட்டும் 35 டெசிபல் தடுக்கும்படி மாற்றினால் மொத்தம் 41 ஆகும். ரோட்டில் 70 இருந்தால் படுக்கையருகே சுமார் 29. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் 30-க்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இடுக்குதான் இங்கே பெரிய எதிரி. ஏசி பைப்புக்காகச் சுவரில் போட்ட மூன்று அங்குல ஓட்டையை நினைத்துப் பாருங்கள். பைப் போக அதில் பாதி காலியாக இருந்தால் வெறும் மூன்றரை சதுர அங்குலம். அந்த ஒன்றே 41-ஐ 35-க்கு இறக்கிவிடும். லட்சம் ரூபாய் ஜன்னல் போட்டும் "ஒண்ணும் மாறலையே" என்று சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது ஸ்பிளிட் ஏசிக்குப் பின்பக்கத்தைத்தான். அடுத்து ஜன்னல் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. உள்ளே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள், பின்னால் வெற்றிடம் இருக்கும்.

ஸ்லைடிங் ஜன்னலைத் திருத்துவது கடினம். கதவு ஓட வேண்டும் என்பதால் ஓரமெல்லாம் பிரஷ் போன்ற பட்டைதான் இருக்கும், ரப்பர் அழுத்தி மூடாது. இரண்டு கதவும் சந்திக்கும் நடுப்பகுதியிலும், கீழ் ட்ராக்கில் மழைநீர் வடிய விட்ட துளைகளிலும் காற்று தாராளமாகப் போகும். கேஸ்மென்ட், அதாவது கீலில் திறக்கும் ஜன்னல், கைப்பிடியைத் திருப்பியதும் நாலு பக்கமும் ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தும். சோதிக்க ஒரு தாள் துண்டைக் கதவுக்கு நடுவே வைத்து மூடி இழுங்கள். எங்கே சுலபமாக உருவி வருகிறதோ, அங்கே ரப்பர் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டில் எது குறை என்று காதாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். ஹாரன், பிரேக் கிறீச்சிடல், பேச்சுச் சத்தம் தெளிவாகக் கேட்டால் இடுக்கு. அவை மங்கி, பஸ் நின்று கிளம்பும் உறுமல் மட்டும் அப்படியே வந்தால், கண்ணாடியின் எடையோ நடு இடைவெளியோ போதவில்லை.

இங்கேதான் "டபுள் கிளாஸ்" பலரை ஏமாற்றுகிறது. கடையில் கிடைப்பது 6 மில்லி கண்ணாடி இரண்டு, நடுவே 12 மில்லி காற்று. அது வெப்பத்துக்காக வந்த பொருள். இரண்டு கண்ணாடியும் நடுவில் உள்ள காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் போல ஒரு அதிர்வெண்ணில் ஆடும். இந்த அளவுக்கு அது 200 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. லாரி, பஸ் உறுமலும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆகவே தடுக்க வேண்டிய இடத்திலேயே ஜன்னல் பலவீனமாகிறது. அதே இடைவெளியை 100 மில்லி, அதாவது நாலு அங்குலம் ஆக்கினால் ஆட்டம் 70 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

சென்னை ஆற்காடு சாலையில் ஒரு ஃபிளாட்டில் இதைத்தான் செய்தோம். வெளித்தோற்றத்தை மாற்ற அசோசியேஷன் விடவில்லை, வெளியே கிரில்லும் இருந்தது. அதனால் பழைய ஸ்லைடிங்கைத் தொடவே இல்லை. ஒன்பது அங்குலச் சுவரின் உள் ஓரத்தில், உள்பக்கம் திறக்கும் இரண்டாவது கேஸ்மென்ட் ஒன்றைப் பொருத்தினோம். 4+4 லேமினேட்டட் கண்ணாடி, அதாவது 4 மில்லி கண்ணாடி இரண்டை ஒன்றாக ஒட்டியது. பழைய ஜன்னலுக்கும் புதியதற்கும் நடுவே நாலு அங்குலம். ஃபிரேமைச் சுற்றி இடைவெளியை நிரப்பி, இரு விளிம்பிலும் சீலன்ட் ஓட்டினோம். ஏசி ஓட்டையை வெளிப்பக்கமும் உள்பக்கமும் அடைத்தோம். கிரில், கொசுவலை எல்லாம் பழையபடியே இருந்தன. ஹாரன் எங்கோ தூரத்துக்குப் போனது போல ஆனது. சிக்னலில் பஸ் நிற்கும் ஆழமான 'ம்ம்ம்' இன்னும் லேசாகக் கேட்கிறது. வீட்டில் இருக்கும் சுவரோடும் தரையோடும் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்பதை முன்பே சொல்லியிருந்தேன்.

கண்ணாடி வாங்கும்போது விவரத்தாளில் `Rw 38 (-1; -5)` என்று போட்டிருக்கும். விற்பவர் 38 என்பார். அடைப்புக்குள் இருக்கும் இரண்டாவது எண் ரோட்டுச் சத்தத்துக்கானது, அதைக் கழித்து 33 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணும் ஆய்வகத்தில் அளந்தது. பொருத்துபவர் கை சரியில்லாவிட்டால் இன்னும் குறையும்.

கடைசியாக, மூடினால் காற்று எங்கிருந்து வரும்? ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இரண்டு பேர் கதவடைத்துப் படுத்தால் காலையில் தலை கனக்கும். எளிய வழி, பெட்ரூம் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, வீட்டின் பின்பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்து வைப்பது. கட்டடமே ரோட்டை மறைப்பதால் பின்பக்கம் பெரும்பாலும் 10 டெசிபலுக்கு மேல் அமைதியாக இருக்கும். அப்படி ஒரு ஜன்னல் இருக்கும் அறை உங்களிடம் இருந்தால், ஒரு பைசா செலவழிக்கும் முன் கட்டிலை ஒரு வாரம் அங்கே போட்டுப் பாருங்கள். அதை ஸ்டடி ரூமாகவோ பீரோ வைக்கவோ பயன்படுத்துகிற வீடுகள் நிறைய. பின்பக்க ஜன்னலே இல்லையென்றால், உள்ளே கண்ணாடிக் கம்பளி ஒட்டிய, ஒரு வளைவாவது உள்ள டக்டில் சின்ன ஃபேன் வைத்துக் காற்றை இழுக்கலாம். நேரான வெறும் குழாய் போட்டால், அது இன்னொரு ஏசி ஓட்டைதான்.