“எந்தக் கோடு, சார்?” என்று கேட்ட பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

உங்கள் மெயில் கிடைத்தது, சார். மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருவதாக உங்கள் மச்சான் சொல்கிறார். அவளோ மேடையில் விருந்தினர்களோடு உரையாடும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்தச் சீட்டுக்காக நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய பள்ளி விழா வீடியோவை முழுக்கப் பார்த்தேன். விருந்தினர் இளம் வயதில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் திட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பொறியாளர். முதல் கேள்வியில் உங்கள் மகள் சறுக்கிவிட்டாள். “உங்கள் இளமைக்காலம், கடந்து வந்த பாதை, மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது என்ன?” என்று மூன்றை ஒன்றாகக் கட்டிக் கேட்டாள். அவரும் எல்லா மேடையிலும் சொல்வதையே நெடுநேரம் சொன்னார். 1979 ஆகஸ்ட் 10-ல் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது, அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பை ஏற்றது, 1980 ஜூலை 18-ல் வெற்றி கிடைத்ததும் திட்ட இயக்குநர் கலாமைப் பேச அனுப்பியது. நல்ல கதைதான், ஆனால் அரங்கில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அந்தப் பேச்சின் நடுவே அவர், “நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று போகிற போக்கில் சொன்னார். உங்கள் மகள் கையிலிருந்த அட்டையைப் பார்க்காமல், “எந்தக் கோடு, சார்?” என்றாள். அவர் சற்று நிறுத்திவிட்டு, ராக்கெட்டிலிருந்து வந்த தகவலைக் காட்டக் காகிதச் சுருளில் பேனா வரைந்துகொண்டே போன கோடு ஒரு இடத்தில் வளைய ஆரம்பித்ததைச் சொன்னார். “முதலில் யாரிடம் சொன்னீர்கள்?” என்று அடுத்த கேள்வி. அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த முன்வரிசை நிமிர்ந்தது. வீடியோவை மறுபடி ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

இது எல்லோருக்கும் வராது. பெரும்பாலான தொகுப்பாளர்கள் விருந்தினர் பேசும்போது அடுத்த கேள்வியை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள், காதில் எதுவும் விழாது. தொடர்கேள்வி என்பது அவர் சொன்னதிலேயே இருக்கும் ஒரு பொருளையோ ஆளையோ நொடியையோ பிடித்துக்கொண்டு நாலைந்து சொல்லில் திருப்பிக் கேட்பது. கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் யோசிக்கிற மூன்று நொடி மௌனத்தை “அதாவது சார்...” என்று நிரப்பினால் போச்சு.

தொடக்கக் கேள்வியை அவள் கற்றுக்கொள்ளலாம். அந்த விருந்தினர் ஒருவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற, சின்னக் கேள்வியாக அது இருக்க வேண்டும். “அன்று காலை ராக்கெட் கிளம்பியபோது உங்கள் கண் எதன் மேல் இருந்தது?” என்று தொடங்கியிருந்தால் அந்தக் கோடு முதல் நிமிடத்திலேயே வந்திருக்கும். முன்னாலேயே விருந்தினரோடு போனில் பேசிக்கொள்வது நல்லது. எதைத் தொட வேண்டாம் என்று கேட்கலாம், ஆனால் முக்கியமான கதையை அங்கேயே சொல்ல விடக் கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டால் மேடையில் அது சுருங்கித்தான் வரும்.

பெரியவர்களிடம் சங்கடமான கேள்வியை எப்படிக் கேட்பது? பாதி நேரம் போன பிறகு, ஊரறிந்த தகவலை முன்னால் வைத்துக் கேட்கலாம். “கம்ப்யூட்டர் ஏவுதலை நிறுத்தச் சொல்லியும் அதை மீறி ஏவியதாகக் கலாமே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்போது உங்கள் குழுவில் யாராவது வேண்டாம் என்றார்களா?” இதில் மரியாதைக் குறைவு இல்லை, நழுவவும் வழியில்லை. “நல்ல கேள்வி” என்று ஆரம்பித்து மனப்பாடப் பதிலுக்குப் போனால், “அன்றைக்கு அந்த அறையில், சார்?” என்று இழுத்து வரலாம்.

சரி, வருமானம்? மேடை உரையாடலை மட்டும் நம்பி ஆரம்ப வருடங்களை ஓட்ட முடியாது, அதை மறைக்க மாட்டேன். நிறுவனங்களின் உள் தகவல் தொடர்புப் பிரிவு, மாநாடு நடத்தும் அமைப்புகள், அறிவியல் இதழியல் என்று ஏதாவது ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, மேடையைக் கூடவே வளர்க்க வேண்டும். அதற்குக் கையில் ஒரு பாடம் வேண்டும். அந்தக் கோடு என்னவென்று புரிகிறவளால்தான் அதைப் பற்றிக் கேட்க முடியும். இயற்பியல் பிடிக்கும் என்று அவளே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும். “ஆங்கரிங் டிப்ளமோ” என்று யாராவது லட்சத்தில் பேசினால் அதுவும் வேண்டாம்.

மச்சானிடம் நீங்கள் பேசத் தயங்கினால் என் நம்பரைக் கொடுங்கள். சீட்டுக்கு முன்பணம் இந்த வாரம் கட்ட வேண்டாம்.