ஒரு வசனத்தைப் பிரசங்கத்துக்கு எடுக்கும் முன் முன்பின் எவ்வளவு வாசிக்க வேண்டும்? இறையியல் படிக்காதவர்களால் முடியுமா?

முடியும். வேதாகமக் கல்லூரிப் பக்கமே போகாத ஆள் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் உபதேசியார் இல்லாத நாட்களில் பேசச் சொல்வார்கள், பேசுவேன். நீங்களும் வாலிபர் கூட்டத்திலோ வீட்டு ஜெபத்திலோ பேசுகிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி போன் வரும், "நாளைக்கு நீங்கதான், இந்த வசனம்" என்று. அந்த நிலையில் இருப்பவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்படி வந்தது மத்தேயு 18:20. "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்." மழைக்காலம், வீட்டு ஜெபத்துக்கு ஆள் வரத்து குறைந்துவிட்டது. வந்தவர்கள் சோர்ந்துபோகாதபடி இதில் பேசுங்கள் என்றார் உபதேசியார். பாயில் நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நம் ஊர்களில் முதலில் வாயில் வருவது இந்த வசனம்தான்.

நம் கையில் இருக்கும் பழைய வேதாகமத்தில் ஒவ்வொரு வசனமும் தனித்தனி வரியாகத்தான் தொடங்கும். பத்தி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த எண்களே 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவை. மத்தேயு எண் போட்டு எழுதவில்லை. அதனால் பத்தியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: பேச்சின் விஷயம் மாறுகிற இடம் வரை மேலே போவேன், மறுபடி மாறுகிற இடம் வரை கீழே வருவேன். திருவிவிலியம் என்ற 1995 பொது மொழிபெயர்ப்பில் பத்தி பிரித்து, தலைப்பும் போட்டிருக்கிறார்கள். அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலைப்புகளும் பின்னால் வந்தவர்கள் போட்டவைதான், அவற்றை வசனமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

20-ஆம் வசனம் "ஏனெனில்" என்று தொடங்குகிறது. முன்னால் சொன்ன எதற்கோ காரணம் சொல்கிறது. நாம் மனப்பாடமாகச் சொல்லும்போது அந்த முதல் சொல் விழுந்துவிடுகிறது. சரி என்று மேலே போனால் 19, அதற்கு மேலே 18, கடைசியில் 15-இல் போய் நிற்கிறது: "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். 16-ஆம் வசனத்தில் "இரண்டு மூன்று சாட்சிகள்" வருகிறார்கள். உபாகமம் 19:15-இல், ஒரே சாட்சியை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று தீர்க்கக்கூடாது என்ற சட்டத்திலிருந்து வருகிறவர்கள் அவர்கள். நாலு வசனம் தள்ளி வரும் "இரண்டுபேராவது மூன்றுபேராவது" அந்தக் காட்சியிலேயே நிற்கிறது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை. தப்பு செய்த ஒருவனைத் திருப்பிக் கொண்டுவரச் சபை உட்கார்ந்து ஒரு முடிவெடுக்கிறதே, அந்தக் கஷ்டமான வேலையில் நான் உங்களோடு இருப்பேன் என்கிறார் இயேசு.

நானாகக் கற்பனை செய்கிறேன் என்று நினைப்பவர்கள் அடுத்த வசனத்தைப் பார்க்கட்டும். கூடவே இருந்து கேட்ட பேதுரு உடனே என்ன கேட்கிறான்? "என் சகோதரன் எனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்துவந்தால், நான் எத்தனைதரம் மன்னிக்கவேண்டும்?" அவன் காதில் விழுந்தது சகோதரன் செய்த குற்றம் பற்றிய பேச்சு. அதற்குப் பதிலாகத்தான் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரன் தொண்டையைப் பிடித்த கதை வருகிறது. மேலே 12 முதல் 14 வரை காணாமற்போன ஆடு. ஆட்டுக்கும் கடனுக்கும் நடுவே மாட்டியிருக்கும் பத்தியை எந்தத் தொனியில் வாசிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆளை வெளியே தள்ள இதை ஆயுதமாக எடுப்பதும் தப்புதான்.

இந்த ஒரே பத்தியிலிருந்து மூன்று வசனங்கள் தனியாகப் பிய்க்கப்பட்டு ஊரெல்லாம் சுற்றுகின்றன. பூலோகத்தில் கட்டுவது பரலோகத்திலும் கட்டப்பட்டிருக்கும் என்ற 18-ஐ வைத்துப் பிசாசைக் கட்டுகிறார்கள், 19-ஐ வைத்து இரண்டு பேர் ஒருமனப்பட்டு வீடு, வேலை, விசா கேட்கிறார்கள், 20-ஐ வைத்து ஆள் குறைவுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். 19-இல் வரும் "இரண்டுபேர்" யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்தியின் விஷயம் என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

அன்றைக்கு நான் 15 முதல் 35 வரை வாசித்துவிட்டு அதைத்தான் பேசினேன். எங்கள் சபையில் அண்ணன் தம்பி இருவர் கிணற்றுப் பங்குக்காகப் பேசாமல் இருந்தார்கள். நற்கருணைக்கு ஒருவர் இடப்பக்கம் வருவார், மற்றவர் வலப்பக்கம். தம்பி அன்று அந்த வீட்டில்தான் இருந்தார். முடிந்ததும் மூப்பர் ஒருவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "தம்பி, யாரை வச்சு இதப் பேசுனீங்க?" "யாரையும் வைக்கல அண்ணாச்சி, உபதேசியார் குடுத்த வசனத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கதத்தான் வாசிச்சேன்" என்றேன். அவருக்குச் சமாதானமில்லை. அப்புறம் சில மாதம் என்னைப் பேசக் கூப்பிடவில்லை. அந்தச் சகோதரர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் இன்னும் சேரவில்லை.

"அப்படியானால் ஜெபக்கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தால் இயேசு வரமாட்டாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. வருவார். மத்தேயு 6:6-இல் அறைக்குள் கதவைப் பூட்டித் தனியாக ஜெபிக்கிறவனையே பிதா பார்க்கிறார். உண்மையான ஒன்றைச் சொல்லப் பொருந்தாத வசனம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. இன்னும் சிலர், "மத்தேயுவே ஓசியா 11:1-ஐ இயேசுவுக்கு எடுக்கவில்லையா?" என்பார்கள். எகிப்திலிருந்து குமாரனை வரவழைத்தேன் என்று இஸ்ரவேலைப் பற்றி ஓசியாவில் இருப்பதை எடுத்தார், இஸ்ரவேலின் கதை முழுவதையும் மனதில் வைத்து எடுத்தார். நாம் காலண்டர் தாளிலிருந்து எடுக்கிறோம். நீதிமொழிகள் 10-க்குப் பிறகு பெரும்பாலும் ஒவ்வொரு வசனமும் தனியாக நிற்கும், அங்கே இந்த முறை அவ்வளவு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 18-ஆம் அதிகாரம் மொத்தமே 35 வசனம், சத்தமாக வாசித்தாலும் சில நிமிடம்தான். ஞாயிறு ஆராதனையில் அசன வரி, ஏலப் பாக்கி, கல்யாண அறிவிப்பு என்று அரை மணி நேரம் போகும். வேதபாடம் வாசிக்க வருகிற பிள்ளையை மட்டும் "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்பார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், எனக்கு அவ்வளவு மனவருத்தம்.

ஆள் குறைந்த நாளில் பேச நிஜமாகவே ஒரு பகுதி வேண்டுமென்றால் அப்போஸ்தலர் 16:13 முதல் 15 வரை எடுங்கள். பிலிப்பியில் ஆற்றங்கரையில் கூடிவந்த ஸ்திரீகளோடு பவுல் உட்கார்ந்து பேசுகிறார், அங்கே லீதியாளின் இருதயம் திறக்கிறது. அதிலும் 11-இல் ஆரம்பித்து, அவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.