சப்ளையர் ஸ்டேட்மென்ட் போட்டோவும் என் லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை

“பீன்யாவில் சின்ன ஒர்க்‌ஷாப். சப்ளையர் வாட்ஸாப்பில் அனுப்பிய ஸ்டேட்மென்ட் போட்டோவில் பாக்கி 1,84,300. என் டேலியில் 1,52,440. எந்த பில் விட்டுப்போச்சு?”

பில் தேடும் முன் போட்டோவைச் சோதியுங்கள் சார். வரிகளை எக்செலில் அடித்து, B-யில் டெபிட், C-யில் கிரெடிட், D-யில் அவர் அச்சிட்ட பாக்கியை வையுங்கள். E3-இல்:

```
=D2+B3-C3-D3
```

கீழே இழுத்தால் எல்லா வரியிலும் பூஜ்யம் வர வேண்டும். வராத இடத்தில் 3-ஐ 8 என்று படித்திருப்பீர்கள், அல்லது பக்க மடிப்பில் ஒரு வரி விழுந்திருக்கும். அப்படியானால் தெளிவான போட்டோ கேளுங்கள்.

அப்புறம் தொடக்கப் பாக்கி. அதுவே வேறாக இருந்தால் விட்டுப்போன பில் இன்னும் பழைய மாதத்தில் இருக்கலாம்.

உங்கள் வித்தியாசம் 31,860. அதை 1.18-ஆல் வகுத்தால் சரியாக 27,000. 18% ஜிஎஸ்டி போட்ட பில்கள் விடுபட்டிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே பில்லாக இருக்க வேண்டியதில்லை. 18,880-ம் 12,980-ம் சேர்ந்தாலும் இதே தொகைதான். அதனால் தொகையை மட்டும் நம்பாமல் பில் நம்பரை வைத்து டிக் செய்யுங்கள். தேதி ஓரிரு நாள் மாறும்.

டிக் ஆகாத பில்லை ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பாருங்கள். அங்கே இருந்தாலும், சரக்கு வந்த டெலிவரி சலான் கிடைத்த பிறகே என்ட்ரி போடுங்கள்.