குடம் தூக்க எந்த வயது, அடுப்பு பற்றவைக்க எந்த வயது?

மகனுக்கு மூன்று வயது. நான் துணி மடித்தால் கூடவே வந்து கலைக்கிறான். விரட்டுவதா, விடுவதா? – ஒரு தாய், காட்பாடி

விடுங்கள். முழுத் துணியையும் கொடுக்காமல், கடைசி மடிப்பை மட்டும் கொடுங்கள். துண்டை முக்கால்வாசி நீங்கள் மடித்து நீட்டினால், மிச்சத்தை மடித்து அடுக்கின் மேல் வைப்பது அவன் வேலை. அது சரளமாக வந்ததும் கடைசி இரண்டு மடிப்பைக் கொடுங்கள். முதல் படியில் தொடங்கிய குழந்தை பாதியில் ஓடிவிடும். கடைசிப் படியில் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையில்தான் முடியும். அவன் மடித்ததை அவன் எதிரிலேயே பிரித்து மடிக்காதீர்கள். கோணலாக இருந்தால் என்ன, துண்டுதானே.

ஒன்பது வயது மகளிடம் தண்ணீர் பிடிக்கும் வேலையைக் கொடுத்தோம். சொன்னால் செய்கிறாள், சொல்லாவிட்டால் குழாயில் வந்து போனதுகூடத் தெரிவதில்லை. – ஒரு தந்தை, சத்துவாச்சாரி

முதலில் எடையைப் பார்ப்போம். நிறைகுடம் பத்து கிலோவுக்கு மேல் போகும். அவள் எடையே 25 கிலோ சுமார்தான் இருக்கும். ஐந்து லிட்டர் வாளியைக்கூட முக்கால் அளவுக்கு நிரப்பி, இரண்டு கையாலும் தூக்கட்டும். பெரிய குடம் உங்களுடையது.

அடுத்தது நீங்கள் கேட்டது. எந்த வேலையிலும் மூன்று பகுதி உண்டு: நேரம் வந்ததைக் கவனிப்பது, செய்வது, முடித்துச் சரிபார்ப்பது. நீங்கள் நடுப்பகுதியை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற இரண்டும் இன்னும் உங்கள் தலையில்தான், அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரிபார்ப்பதை முதலில் கொடுங்கள். தண்ணீர் பிடித்து முடிந்ததும் குழாயை இறுக்க மூடுவது, டிரம்முக்கு மூடி போடுவது, சிந்தியதைத் துடைப்பது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு "முடிஞ்சுது" என்று அவளே வந்து சொல்லட்டும். நீங்கள் போய்க் கேட்கக் கூடாது. இது இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

அப்புறம் கவனிப்பது. நம் ஊரில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வந்த நாளைக் காலண்டரில் அவளே வட்டமிடட்டும். நாலைந்து வட்டம் சேர்ந்ததும் அடுத்து எப்போது வரும் என்று அவளே எண்ணிச் சொல்லுவாள். முந்தின இரவு டிரம்மைக் கழுவி வைப்பதும், முதலில் வரும் கலங்கலைச் செடிக்கு விட்டுவிட்டு, தெளிந்தபின் துணி கட்டிப் பிடிப்பதும் அவள் பொறுப்பு.

மறந்துவிட்டால்? குடிதண்ணீரை வைத்துச் சோதிக்க முடியாது, வீடே தவிக்கும். அதனால் செடிக்கும் வாசல் தெளிக்கவும் பிடிக்கும் டிரம்மை மட்டும் முதலில் முழுசாக அவளிடம் விடுங்கள். அது காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும், நடுவில் நினைவுபடுத்தாதீர்கள். நினைவுபடுத்திய நிமிடமே வேலை உங்களிடம் திரும்பிவிடும். குடிதண்ணீர்க் கணக்கு முழுவதையும் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒப்படைக்கலாம்.

பன்னிரண்டு வயதுப் பையன் அடுப்பில் சமைக்கலாமா? – ஆரணி

நீங்கள் பக்கத்தில் நின்றால் சமைக்கலாம். தோசை, ஆம்லெட் போல தட்டையான கல்லில் ஆகும் வேலை முதலில். நிறைய எண்ணெய் காய வைப்பது பின்னால். எல்லாரும் தீயைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் சமையலறையில் கொதிக்கும் தண்ணீரும் கஞ்சியும்தான் பிள்ளைகளை அதிகம் சுடுகின்றன. அதனால் சோறு வடிப்பதும் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி நடப்பதும் கடைசிப் பாடம். அடுப்பைவிடப் பையன் நல்ல உயரமாக வளர்ந்திருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம்.

பாட்டியோடு உட்கார்ந்து பேத்தி பீடி சுற்றுகிறாள், பதினோரு வயது. வீட்டு வேலைதானே? – குடியாத்தம்

இல்லை. வீட்டுக்குள் நடப்பதால் அது வீட்டு வேலை ஆகாது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவ இடம் தருகிறது. ஆபத்தான தொழில்களுக்கு அந்த இடம் கிடையாது, பீடி அதில் அடங்கும். புகையிலைத் தூள் அவள் மூக்கிலும் விரலிலும் ஏறும். பாட்டிக்கு உதவ வேண்டுமென்றால் பாட்டியின் தட்டைக் கழுவட்டும், கடைக்குப் போய் வரட்டும்.

பத்தாம் வகுப்பு வருகிறது. எல்லா வேலையிலிருந்தும் விலக்கிவிடவா? – வாலாஜா

பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில் விலக்குங்கள். ஆண்டு முழுவதும் வேண்டாம். நேரம் அதிகம் பிடிக்கும் வேலையை எடுத்துவிட்டு, தன் தட்டு, தன் துணி, தன் படுக்கை மூன்றையும் விட்டு வையுங்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அண்ணனுக்கு மட்டும் விலக்கு, தங்கைக்குக் கிடையாது என்று ஆகிவிடாமலும் பாருங்கள். அவளுக்கும் பத்தாம் வகுப்பு வரும்.