சஜஸ்ட், ரெக்கமெண்ட், இன்சிஸ்ட்: அலுவலக மின்னஞ்சல் குறித்த கேள்விகளும் பதில்களும்

"ஐ சஜஸ்ட் தட் ஹீ செண்ட்ஸ் த ரிப்போர்ட் என்று எழுதியிருந்தேன். மேலாளர் செண்ட்ஸில் உள்ள எஸ் எழுத்தை அடித்துவிட்டார். யார் சரி, ஐயா?" (எழுத்தர், போர்ட் லூயி)

இருவரும் சரிதான். எஸ் இல்லாத வடிவம் அமெரிக்கர்களிடம் வழக்கம். பிரிட்டிஷ் வழக்கில் ஷுட் செண்ட், செண்ட்ஸ் இரண்டும் செல்லும். வெளிநாட்டுக்குப் போகும் மின்னஞ்சலில் எஸ்ஸை விட்டுவிடுங்கள். அதை எங்கும் ஏற்பார்கள். சஜஸ்டெட் என்று இறந்தகாலத்தில் தொடங்கினாலும் செண்ட் மாறாது.

"சஜஸ்ட் ஹிம் டு செண்ட் எனலாமா?"

கூடாது. 'அவரை அனுப்பச் சொல்கிறேன்' என்ற நம் வாக்கியம் அப்படியே ஆங்கிலத்தில் இறங்குவதால் வரும் பிழை இது.

"தம்பியை ஒரு வேலைக்குப் பரிந்துரைக்க வேண்டும். எப்படித் தொடங்குவது?"

அது வேறு பயன்பாடு. ரெக்கமெண்ட் ஹிம் ஃபார் த போஸ்ட் என்றால் போதும்.

"நான் பிரெஞ்சு ஆசிரியை. பிரெஞ்சில் ஆலோசனை வினைக்குப் பின் சப்ஜோங்க்தீஃப் என்ற தனி வினைவடிவம் கட்டாயம். ஆங்கிலத்திலும் எஸ் சேர்ப்பது எப்போதும் பிழைதானே?"

பாதி சரி, அம்மா. பிரெஞ்சில் ஒன்றை வற்புறுத்திக் கேட்பதற்கும், ஒன்று உண்மை என்று அடித்துச் சொல்வதற்கும் இன்சிஸ்தே என்ற வினையின் பின்னே வெவ்வேறு தொடர்கள் வருகின்றன. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் இன்சிஸ்ட் தட் ஒன்றுதான். துறைமுகக் கிடங்கின் காவலரைப் பற்றி ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

```
He insists that the driver sign the register.
He insists that the driver signs the register.
```

முதல் வரியில் காவலர், ஓட்டுநர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறார். இரண்டாவது வரி இரு பொருள்படும்: பிரிட்டிஷ் வழக்கில் கோரிக்கையாகவும் இருக்கலாம், ஓட்டுநர் வழக்கமாகக் கையெழுத்திடுகிறார் என்ற சாட்சியமாகவும் இருக்கலாம். நான் முன்பு பணியாற்றிய அலுவலகத்தில் இத்தகைய சாட்சியத்தைக் கோரிக்கை என்று படித்து, காணாமற்போன சரக்குக்கு ஓட்டுநரைக் குற்றம் சாட்டினார்கள். ஷுட் சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் அது கோரிக்கை.

கேமராப் பதிவு 'சஜஸ்ட்ஸ்' என்றால் அங்கே ஆலோசனையே இல்லை, அறிகுறிதான். அவர் நான்கு மணிக்கே கிளம்புகிறார் என்பதை அது காட்டுகிறதென்றால், அந்த லீவ்ஸில் எஸ் இருந்தே ஆக வேண்டும். அதை நீக்குவதுதான் பிழை.

"ஹீக்குப் பதில் தே வந்தால் வேறுபாடு தெரியாதே?"

தெரியாது. அங்கும் ஷுட் சேர்த்துப் பாருங்கள்.

"செண்ட் சரியா, செண்ட்ஸ் சரியா?"

முதல் பதிலைப் படியுங்கள். இது மூன்றாம் முறை.

"நான் மீண்டும் அதே ஆசிரியை. அப்படியானால் பிரெஞ்சே தெளிவான மொழி. மாணவர்களுக்கு ஷுட் மட்டும் கற்பித்தால் போதாதா?"

ஷுட் எழுதினால் குழப்பம் தீரும் என்பது மெய். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளரின் மடலைப் படிக்கும்போது எஸ் இல்லாத வடிவம் எதிரே வந்து நிற்குமே, அதை எழுத்துப் பிழை என்று உங்கள் மாணவர் திருத்தினால் என்ன செய்வீர்கள்?