72 மீட்டர் மேலே பார்த்தால் போதாதா?

அன்புள்ள ஐயா,
ஆற்றின் அகலம் 120 மீட்டர். நீரோட்டம் நொடிக்கு 1.2 மீட்டர், நிற்கும் நீரில் படகின் வேகம் நொடிக்கு 2 மீட்டர். குறுக்கே நேராக விட்டால் படகு 72 மீட்டர் கீழே போய் ஒதுங்குகிறது. அப்படியானால் எதிர்க்கரையில் 72 மீட்டர் மேலே பார்த்து ஓட்டினால் நேரெதிரே சேர வேண்டும்தானே? புத்தகத்தில் விடை வேறாக இருக்கிறது.
பிளஸ் ஒன் மாணவன், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

அந்த 72 மீட்டர், ஆறு 60 நொடி இழுத்த இழுப்பு. மூக்கை மேலே திருப்பியதும் படகின் வேகத்தில் ஒரு பங்கு ஓட்டத்தை எதிர்க்கப் போய்விடுகிறது. குறுக்கே கடக்க மிஞ்சுவது 2 அல்ல, சுமார் 1.7தான். அக்கரை சேர 70 நொடி ஆகும். கூடுதலாகக் கிடைத்த அந்தப் பத்து நொடியும் ஆறு சும்மா இருக்காது, இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நீ 12 மீட்டர் கீழேதான் கரையேறுவாய்.

தாமிரபரணியில் மிதந்து போகும் ஒரு வாழைமட்டையை நினைத்துக்கொள். படகு புறப்படும் இடத்தில் அதே நொடியில் அதைத் தண்ணீரில் போடுகிறோம். மட்டை ஆற்றோடு போகிறது. அதன்மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால், படகு தன் மூக்கு காட்டும் திசையிலேயே நொடிக்கு 2 மீட்டர் விலகிப் போவதைத்தான் அது பார்க்கும். சார்பு திசைவேகம் என்பது இந்த எறும்பின் பார்வைதான். ஆகவே 2 என்பது முக்கோணத்தின் சாய்ந்த பக்கம், அதாவது கர்ணம். நீ அதைக் குறுக்குப் பக்கமாக வைத்துவிட்டாய். டேன் போட்ட இடத்தில் சைன் வர வேண்டும்:

sin θ = 1.2 / 2 = 0.6

குறுக்குக் கோட்டிலிருந்து மேல்புறமாக ஏறத்தாழ 37 பாகை. குறுக்கு வேகம் 1.6, நேரம் 75 நொடி. அதற்குள் மட்டை 90 மீட்டர் கீழே போயிருக்கும். அதனால் மூக்கு பார்க்க வேண்டிய இடம் 90 மீட்டர் மேலே. தண்ணீரைப் பொறுத்துப் படகு கடந்தது 150 மீட்டர். 90, 120, 150 என்று செங்கோண முக்கோணம் அழகாக மூடிக்கொள்வதைத் தாளில் வரைந்து பார்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஓட்டம் 2.5 ஆகிவிட்டால் சைன் 1.25 ஆக வேண்டும். அப்படி ஒரு கோணமே கிடையாது. எப்படித் திருப்பினாலும் கீழேதான் ஒதுங்குவாய். கரையோரமாக மேலே நடந்து போய், அங்கிருந்து புறப்பட வேண்டியதுதான்.

இன்னொன்று. நிஜ ஆற்றில் கரையோரம் ஓட்டம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இருக்கும். 37 பாகையை இறுகப் பிடித்துக்கொண்டு போனால் வழி வளையும். அதற்கு எதிர்க்கரை மண்டபத் தூண் ஒன்றையும், அதற்கு நேர் பின்னால் தள்ளி நிற்கும் பனை ஒன்றையும் குறித்துக்கொள். இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்வரை நேராகப் போகிறாய். பனை தூணைவிட்டுக் கீழ்ப்புறம் விலகினால் ஆறு உன்னை இழுக்கிறது, மூக்கை இன்னும் மேலே திருப்பு. மேல்புறம் விலகினால் கொஞ்சம் தளர்த்து.